எழுத்தர் பணிக்கு விண்ணப்பம் கோரும் அறிவிப்பை எழுதுவது எப்படி: தகுதி நாளும் கடைசி நாளும்

சங்கத்திலோ அறக்கட்டளை அலுவலகத்திலோ ஓர் எழுத்தர் பணியிடம் காலியானால், பழைய கோப்பிலிருந்து முந்தைய அறிவிப்பை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி நாளிதழுக்கு அனுப்பிவிடுவது பெரும்பாலான அலுவலகங்களின் வழக்கம். அந்த அறிவிப்பில் என்ன குறை இருந்தது என்பது விண்ணப்பங்கள் வந்து சேர்ந்து, பரிசீலனைக்கு உட்காரும் நாளில்தான் தெரியவரும். அதற்குள் அறிவிப்பைப் படித்து, தனக்குத் தகுதி இல்லை என்று நேர்மையாக ஒதுங்கிக்கொண்டவர்கள் ஒதுங்கியே போயிருப்பார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க வழியில்லை. எனவே அறிவிப்பில் எதை எந்தச் சொற்களில் எழுதவேண்டும் என்பதையும், அதில் மிக அதிகமாகத் தவறு நேரும் தகுதி நிர்ணய நாள், கடைசி நாள் ஆகிய இரண்டையும் இங்கு விரிவாகப் பார்க்கலாம்.

முதலில்: அறிவிப்பு வெளியிடும் அதிகாரம் உங்களுக்கு உண்டா?

தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பணியிடங்களுக்கான நியமனம், 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்கும் 1988-ஆம் ஆண்டின் விதிகளுக்கும் கட்டுப்பட்டது. உதவியாளர், எழுத்தர் போன்ற பணியிடங்களுக்கான நேரடி நியமனத்தை மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் நடத்துகின்றன. 2023 நவம்பரில் அந்நிலையங்கள் வெளியிட்ட அறிவிப்பில், ஏதேனும் ஒரு பட்டப் படிப்புடன் கூட்டுறவுப் பயிற்சியும் தகுதியாகக் கேட்கப்பட்டது. வயது 01.07.2023 அன்று உள்ளபடி கணக்கிடப்பட்டது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 01.12.2023. இத்தகைய சங்கத்தின் செயலாளர் செய்யவேண்டியது காலியிடத்தையும் இனச்சுழற்சி விவரத்தையும் உரிய வழியில் தெரிவிப்பதே; தாமாக நாளிதழில் விளம்பரம் கொடுப்பதோ, தெரிந்தவர் ஒருவரைத் தற்காலிகமாக உட்கார வைத்துப் பின்னர் நிரந்தரமாக்கலாம் என்று எண்ணுவதோ அல்ல. விதிமுறையைப் பின்பற்றாமல் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் நியமிக்கப்பட்டவர்களைப் பணிவரன்முறை செய்ய இயலாது என்று 2004-ஆம் ஆண்டு உமாராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆண்டுக்கணக்கில் அங்கு வேலை பார்த்தவர்கள்தான் அந்த முறைகேட்டின் சுமையைத் தாங்கவேண்டி வந்தது.

இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களுக்கும் தனிப் பணி விதிகள் உள்ளன. அவை இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் வரமாட்டா. சொந்த அறக்கட்டளைப் பத்திரத்தின்படி இயங்கி, அறங்காவலர் குழுவின் தீர்மானத்தைக் கொண்டு பணியாளரை நியமித்துக்கொள்ளும் அறக்கட்டளையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். நேரடி நியமன அதிகாரம் உள்ள பிற சங்கங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

அறிவிப்பை எழுதத் தொடங்கும் முன் குழுவின் தீர்மானம் கையில் இருக்கவேண்டும். பணியிடத்தின் பெயர், எண்ணிக்கை, ஊதியம், நிரந்தரமா தொகுப்பூதியமா என்பது, தகுதிகள், தேர்வு முறை ஆகியவை தீர்மானத்தில் இருந்தால்தான் அறிவிப்பில் இடம்பெறலாம். தீர்மானத்தில் இல்லாத ஒரு தகுதியை அறிவிப்பு எழுதும்போது செயலாளர் தம் விருப்பப்படி சேர்த்துவிடுவது, பிற்பாடு குழு உறுப்பினர்களிடையே மனக்கசப்பை உண்டாக்கும்.

தகுதியை எழுதும் முறை

தகுதிப் பத்தியில் கட்டாயத் தகுதியும் விரும்பத்தக்க தகுதியும் கலந்துவிடக் கூடாது. "பட்டதாரியாக, கணினி அறிவும் தட்டச்சும் கணக்கு அனுபவமும் உள்ளவராக இருத்தல் நலம்" என்று எழுதினால், பட்டம் கட்டாயமா, அதுவும் 'நலம்' என்ற அளவில்தானா என்பது படிப்பவருக்குப் புரியாது. இரண்டையும் தனித்தனி வாக்கியங்களாக எழுதுங்கள். கட்டாயத் தகுதி இல்லாத விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்பதையும், விரும்பத்தக்க தகுதி முன்னுரிமைக்கு மட்டுமே என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு தகுதிக்கும் அதை எந்தச் சான்றால் மெய்ப்பிக்கமுடியும் என்று கேட்டுப் பாருங்கள். "தட்டச்சு தெரிந்திருக்கவேண்டும்" என்பதை மெய்ப்பிக்க முடியாது. "தமிழ்த் தட்டச்சில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் இளநிலை தேர்ச்சி பெற்றிருக்கவேண்டும்" என்பதை ஒரு சான்றிதழைக் கொண்டு மெய்ப்பிக்கலாம். அதேபோல "கணக்கு எழுதிய அனுபவம்" என்பதற்குப் பதிலாக, எத்தனை ஆண்டு, எவ்வகை அலுவலகத்தில், யார் கையொப்பமிட்ட சான்று வேண்டும் என்று எழுதலாம். சான்றால் மெய்ப்பிக்க இயலாத திறமையைத் தகுதிப் பத்தியிலிருந்து நீக்கி, தேர்வு முறையில் சேர்த்து, ரொக்கப் பதிவேட்டில் பத்து வரவு செலவுகளைப் பதியச் சொல்லும் செய்முறைத் தேர்வாக வைத்துக்கொள்வதே நியாயமானது.

தேவைக்கு மேல் படித்தவர் வேண்டாம் என்று குழு கருதினால் அதையும் அறிவிப்பிலேயே எழுதவேண்டும். ஒரு வங்கியின் கடைநிலைப் பணிக்கான அறிவிப்பில் பட்டதாரியாக இருக்கக் கூடாது என்று இருந்தும், பட்டத்தை மறைத்து விண்ணப்பித்தவருக்கு அந்தப் பணியைக் கேட்க உரிமையில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிபந்தனை முன்கூட்டியே அறிவிப்பில் இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். அறிவிப்பில் எழுதாமல், முதுகலை படித்தவரை நேர்காணல் மேசையில் வைத்து "நீங்கள் இங்கே நிலைக்க மாட்டீர்கள்" என்று திருப்பி அனுப்புவது முறையாகாது.

வயதை எழுதும் முறை

"வயது 18 முதல் 32 வரை" என்ற வழக்கமான வரியில் இரண்டு குறைகள் உள்ளன. எந்த நாளில் கணக்கிடுவது என்பது அதில் இல்லை. 32 முடிந்து நான்கு மாதம் ஆனவர் '32 வரை' என்பதில் அடங்குவாரா என்பதும் இல்லை. தமிழ்நாட்டில் பல ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் அந்தந்த ஆண்டின் ஜூலை முதல் நாளை வயதுக்கான நாளாகக் கொள்கின்றன. நீங்களும் அவ்வாறே கொள்வதாக இருந்தால், "01.07.2026 அன்று 18 வயது நிறைவடைந்திருக்கவேண்டும், 32 வயது நிறைவடைந்திருக்கக் கூடாது" என்று எழுதுங்கள். இதை அடுத்துப் பிறந்த நாளின் எல்லையையும் கொடுத்துவிட்டால் ஐயமே எழாது: "அதாவது 02.07.1994 முதல் 01.07.2008 வரை, இரு நாட்களும் உட்பட, பிறந்தவராக இருக்கவேண்டும்." 01.07.1994 அன்று பிறந்தவருக்கு 01.07.2026 அன்று 32 நிறைவடைந்துவிடுகிறது. எனவே அவர் எல்லைக்கு வெளியே நிற்கிறார். மறுநாள் பிறந்தவர் உள்ளே வருகிறார். இந்த ஒரு நாள் வேறுபாட்டை விண்ணப்பதாரரே வீட்டிலிருந்தபடி அறிந்துகொள்ள முடிந்தால், அஞ்சல் செலவும் அலைச்சலும் அவருக்கு மிச்சம்.

தகுதி நிர்ணய நாள்

எல்லாவற்றிலும் நுட்பமானது இதுதான். கல்வித் தகுதியை எந்த நாளில் பெற்றிருக்கவேண்டும்? விண்ணப்பிக்கும் நாளிலா, கடைசி நாளிலா, நேர்காணல் நாளிலா, பணியில் சேரும் நாளிலா? அரசுப் பணி வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரிசை முறையை வகுத்திருக்கிறது. பணி விதிகளில் நாள் குறிப்பிடப்பட்டிருந்தால் அந்த நாள். விதிகளில் இல்லையெனில் அறிவிப்பில் குறிப்பிட்ட நாள். அதிலும் இல்லையெனில் விண்ணப்பங்கள் வந்து சேரக் கடைசி நாள். 2000-இல் பூபிந்தர்பால் சிங் வழக்கில் இது தெளிவாகக் கூறப்பட்டது. தனியார் அறக்கட்டளையை இத்தீர்ப்புகள் நேரடியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலும், இவற்றின் அடிப்படையிலுள்ள நியாயம் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓர் அறக்கட்டளை 07.06.2026 ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பை வெளியிடுகிறது. கடைசி நாள் 30.06.2026. கட்டாயத் தகுதி ஏதேனும் ஒரு பட்டம். ஏப்ரலில் இறுதிப் பருவத் தேர்வு எழுதிய ஒரு பெண், முடிவு வரும் முன்பே விண்ணப்பித்துவிடுகிறார். முடிவு ஜூலை 6-ஆம் நாள் வெளியாகிறது. அவர் நல்ல மதிப்பெண்ணுடன் தேர்ச்சி பெறுகிறார். ஜூலை 20-ஆம் நாள் நேர்காணலுக்குத் தற்காலிகச் சான்றிதழுடன் வருகிறார். நேர்காணலிலும் முதலிடம் பெறுகிறார். குழுவில் ஒருவர், "இப்போதுதான் பட்டம் இருக்கிறதே, நியமித்துவிடலாம்" என்கிறார்.

கேட்பதற்கு இது மனிதாபிமானமாகத் தோன்றும். ஆனால் அவருடைய வகுப்பிலேயே படித்து, அதே தேர்வை எழுதி, "30-ஆம் தேதிக்குள் நமக்கு முடிவு வராது, எனவே நமக்குத் தகுதியில்லை" என்று அறிவிப்பை மதித்து விண்ணப்பிக்காமல் இருந்தவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை எந்தக் குழுவும் சரிசெய்ய முடியாது. ஏனெனில் அவர் யார் என்பதே குழுவுக்குத் தெரியாது. 1997-இல் அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே காரணத்தைத்தான் சொன்னது: கடைசி நாளுக்குப் பின் முடிவு வந்தவர்களையும் ஏற்பதாக இருந்தால் அதை அறிவிப்பிலேயே சொல்லியிருக்கவேண்டும், சொல்லியிருந்தால் அதே நிலையிலிருந்த மற்றவர்களும் விண்ணப்பித்திருப்பார்கள்.

எனவே குழு முன்கூட்டியே முடிவெடுக்கவேண்டும். முடிவுக்குக் காத்திருப்பவர்களும் வேண்டும் என்றால், "இறுதிப் பருவத் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருப்போரும் விண்ணப்பிக்கலாம், அவர்கள் 20.07.2026 அன்று அல்லது அதற்கு முன் தேர்ச்சி பெற்றதற்கான சான்றை நேர்காணலில் காட்டவேண்டும்" என்று எழுதலாம். வேண்டாம் என்றால், "30.06.2026 அன்றோ அதற்கு முன்னரோ தேர்வு முடிவு வெளியாகித் தேர்ச்சி பெற்றிருக்கவேண்டும், பட்டமளிப்பு விழா நாள் கணக்கில் கொள்ளப்படமாட்டாது" என்று எழுதலாம். இரண்டுமே நியாயமானவை, எழுதாமல் விட்டுப் பிறகு முடிவெடுப்பதுதான் நியாயமற்றது. ஜூன், ஜூலை மாதங்களில் எழுத்தர் பணிக்கு விளம்பரம் செய்யும் அறக்கட்டளைக்கு முதல் வழியையே பரிந்துரைப்பேன். புதிதாகப் படித்து வெளிவருவோரில் பலர் அந்த மாதங்களில் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள்.

இங்கு இன்னொரு நுட்பமும் உண்டு. "கடைசி நாளன்று தகுதி பெற்றிருக்கவேண்டும்" என்று எழுதிவிட்டு, விண்ணப்பங்கள் போதவில்லை என்று கடைசி நாளை ஜூலை 10-க்கு நீட்டித்தால், தகுதி நாளும் தானாக ஜூலை 10-க்கு நகர்ந்துவிடும். 6-ஆம் நாள் முடிவு வந்தவர்கள் அனைவரும் தகுதி பெற்றுவிடுவார்கள். குழு அதை எண்ணிப் பார்த்திருக்காது. ஆகவே தகுதி நாளைக் 'கடைசி நாள்' என்ற சொல்லோடு கட்டாமல், தேதியாகவே எழுதுங்கள். நீட்டிப்பு அறிவிப்பில் தகுதி நாள் மாறுகிறதா இல்லையா என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கடைசி நாளும் நேரமும்

"விண்ணப்பங்களை 30.06.2026-க்குள் அனுப்பவும்" என்ற வரி தகராறுக்கு வித்திடும். 29-ஆம் நாள் தபாலில் சேர்த்து ஜூலை 2-இல் வந்து சேர்ந்த விண்ணப்பத்தை இந்த வரியின்படி தள்ளுபடி செய்ய முடியாது; ஏனெனில் அவர் குறித்த நாளுக்குள் அனுப்பிவிட்டார். "30.06.2026 செவ்வாய்க்கிழமை மாலை 5.00 மணிக்குள் இவ்வலுவலகத்தில் கிடைக்கப்பெறவேண்டும்" என்று நாள், கிழமை, நேரம் மூன்றையும் எழுதுங்கள். கிழமையையும் எழுதும்போதுதான் அது விடுமுறை நாளா என்று நாட்காட்டியைப் பார்க்கத் தோன்றும். எதிர்பாராமல் அன்று அலுவலகம் மூடப்பட்டால் அடுத்த வேலை நாள் மாலை வரை பெறப்படும் என்பதையும் சேர்த்துவிடலாம்.

பழைய அறிவிப்புகளில் "பதிவஞ்சலில் மட்டும்" என்று இருக்கும். அஞ்சல் துறை 2025-இல் பதிவஞ்சலை விரைவு அஞ்சலுடன் இணைத்துவிட்டது. எனவே "நேரிலோ விரைவு அஞ்சல் மூலமோ" என்று எழுதுவதே இன்றைய நிலைக்குப் பொருந்தும். நேரில் தருபவருக்கு, தேதி முத்திரையுடன் ஒப்புகைச் சீட்டு தரவேண்டும்.

அறிவிப்பு வெளியான நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையே மூன்று வாரமாவது இருப்பது நல்லது. நாளிதழைப் பார்த்தவர் ஊரிலிருக்கும் உறவினருக்குச் சொல்லி, அவர் சான்றிதழ் நகலெடுத்து, படிவம் நிரப்பித் தபாலில் சேர்க்க அவ்வளவு நாள் தேவைப்படும். ஒரு வார அவகாசம் கொடுத்த அறிவிப்பைப் பார்க்கும் எவருக்கும், ஆளை முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

முழு அறிவிப்பின் மாதிரி

மேற்சொன்னவற்றைச் சேர்த்தால் அறிவிப்பு இவ்வாறு அமையும். அடைப்புக்குறிகளுக்குள் உள்ள இடங்களை உங்கள் அலுவலகத்துக்கு ஏற்ப நிரப்பிக்கொள்ளவும்.

> (அறக்கட்டளையின் பெயர், முழு முகவரி)
> அறிவிப்பு எண் (…), நாள் 07.06.2026
>
> இவ்வறக்கட்டளை அலுவலகத்தில் காலியாக உள்ள எழுத்தர் பணியிடம் ஒன்றுக்குத் தகுதியுள்ளோரிடமிருந்து விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன. மாத ஊதியம் ரூ. (…). தகுதிகாண் பருவம் ஓராண்டு.
>
> கட்டாயத் தகுதி: அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு பட்டம். இறுதிப் பருவத் தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருப்போரும் விண்ணப்பிக்கலாம், அவர்கள் 20.07.2026 அன்று அல்லது அதற்கு முன் தேர்ச்சி பெற்றதற்கான சான்றை நேர்காணலில் காட்டவேண்டும். கட்டாயத் தகுதி இல்லாதோரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும்.
>
> விரும்பத்தக்க தகுதி (முன்னுரிமைக்கு மட்டும்): தமிழ்த் தட்டச்சு இளநிலைத் தேர்ச்சி, 30.06.2026 அன்று உள்ளபடி.
>
> வயது: 01.07.2026 அன்று 18 நிறைவடைந்தும் 32 நிறைவடையாமலும் இருக்கவேண்டும்; அதாவது 02.07.1994 முதல் 01.07.2008 வரை, இரு நாட்களும் உட்பட, பிறந்தவராக இருக்கவேண்டும்.
>
> தேர்வு முறை: கணக்குப் பதிவில் செய்முறைத் தேர்வும் நேர்காணலும், 20.07.2026 திங்கட்கிழமை.
>
> கையொப்பமிட்ட விண்ணப்பத்துடன் சான்றிதழ்களின் சுயசான்றொப்பமிட்ட நகல்களை மட்டும் இணைக்கவும். அசல் சான்றிதழ்களை அனுப்பவேண்டாம். விண்ணப்பங்கள் 30.06.2026 செவ்வாய்க்கிழமை மாலை 5.00 மணிக்குள் நேரிலோ விரைவு அஞ்சல் மூலமோ மேற்கண்ட முகவரியில் கிடைக்கப்பெறவேண்டும். அன்று அலுவலகம் இயங்காவிடில் அடுத்த வேலை நாள் மாலை 5.00 மணி வரை பெறப்படும். அதன்பின் கிடைப்பவை ஏற்கப்படமாட்டா. விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ கட்டணம் எதுவும் பெறப்படுவதில்லை.
>
> செயலாளர்

'எக்காரணமும் கூறாமல் விண்ணப்பங்களை நிராகரிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு' என்ற வழக்கமான கடைசி வரியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. காரணங்களை மேலேயே எழுதிவிட்டபின் அந்த வரி தேவையில்லை. காரணம் கேட்டு வருபவருக்குச் சொல்லமுடியாத நிராகரிப்பு இருக்கவும் கூடாது.

வெளியிட்ட பின்

ஒரே வாசகம் நாளிதழிலும் அலுவலகப் பலகையிலும் இடம்பெறவேண்டும். நாளிதழில் இடத்தைச் சுருக்க வேண்டியிருந்தால், வயது, கட்டாயத் தகுதி, தகுதி நாள், கடைசி நாள் ஆகியவற்றைச் சுருக்காதீர்கள். அச்சில் பிழை நேர்ந்தால் திருத்த அறிவிப்பை அதே நாளிதழில் வெளியிட்டு, முன்பே விண்ணப்பித்தவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். தகுதியை இடையில் மாற்றுவதை மட்டும் முற்றிலும் தவிர்க்கவேண்டும். ஆள்தேர்வு தொடங்கியபின் தகுதி விதிகளை மாற்றக் கூடாது என்பதை, விதிகளோ அறிவிப்போ இடம்தரும் சூழலைத் தவிர, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. அத்தகைய மாற்றம் தவிர்க்க முடியாதது என்றால் அறிவிப்பையே ரத்து செய்து புதிதாக வெளியிடுவதுதான் சரி.

விண்ணப்பங்கள் வர வர, ஒவ்வொன்றிலும் தேதி முத்திரையிட்டு, வரவுப் பதிவேட்டில் வரிசை எண்ணுடன் பதிந்து, அந்த எண்ணை விண்ணப்பத்தின் தலைப்பிலும் எழுதுங்கள். அஞ்சல் உறையைக் கிழித்தெறியாமல் விண்ணப்பத்துடன் பின் செய்து வையுங்கள். தாமதம் யாரால் நேர்ந்தது என்ற கேள்வி எழுந்தால் உறையிலிருக்கும் அஞ்சல் முத்திரையே சாட்சி. கடைசி நாள் மாலை 5.00 மணிக்குப் பதிவேட்டில் கடைசிப் பதிவுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, "மாலை 5.00 மணிக்கு முடிக்கப்பட்டது, மொத்த விண்ணப்பங்கள் இத்தனை" என்று எழுத்தாலும் எண்ணாலும் குறித்து, செயலாளரும் உடனிருக்கும் இன்னொருவரும் கையொப்பமிடவேண்டும். கோட்டுக்குக் கீழே வருபவற்றையும் பதிவு செய்யுங்கள். ஆனால் உறையைப் பிரிக்காமல் தனியாக வையுங்கள்.

பரிசீலனையின்போது ஒவ்வொரு நிராகரிப்புக்கும் எதிரே அறிவிப்பின் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். 'தகுதியற்றது' என்று மட்டும் எழுதாமல், "பிறந்த நாள் 14.03.1994, 01.07.2026 அன்று 32 நிறைவடைந்துவிட்டது" என்று எழுதுங்கள். அப்படி எழுத முடியாத ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்க நேர்ந்தால், அதை மீண்டும் தகுதியானவற்றின் கட்டில் சேர்த்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.